பழைய முகவரியைக் கைவிடாமல் மின்னஞ்சல் டொமைன் மாற்றுவது: மூன்று வழிகள், ஒரு முடிவு

யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதியில் ஒரு கந்தோர். ஒடியல் மா, பனங்கட்டி, மிளகாய்த்தூள் பொதி செய்து டொரொண்டோவுக்கும் லண்டனுக்கும் பாரிஸுக்கும் அனுப்புகிறார்கள். பதினொரு பேருக்கு மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. அது போக ஓடர், கணக்கு, தகவல், கப்பல் என்று நான்கு பொது முகவரிகள். எல்லாமே கூகுள் வொர்க்ஸ்பேஸில். பழைய டொமைன் பெயர் நீளமானது, தொலைபேசியில் எழுத்துக் கூட்டிச் சொன்னால் பாதிப்பேர் பிழையாக எழுதுவார்கள். அதனால் சின்னதாக ஒரு புதிய டொமைன் வாங்கியிருந்தார்கள். உண்மைப் பெயர்களை விட்டுவிட்டு இங்கே பழையதை `palasu.example` என்றும் புதியதை `puthusu.example` என்றும் வைத்துக்கொள்வோம்.

முதலாளி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். “தம்பி, பொதியில அடிச்ச லேபிள் எல்லாம் பழைய ஈமெயில்தான். கனடாக் கடைக்காரர் போனில சேமிச்சு வச்சிருக்கிறதும் அதுதான். அதுக்கு வாற கடிதம் ஒண்டும் துலையக் கூடாது. ஏலுமோ?”

ஏலும். ஆனால் எந்த வழியில் என்பதில்தான் வித்தியாசம். எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, பழையதையே முதன்மை டொமைனாக வைத்து, புதியதை அதற்கு அலியாஸாக, அதாவது அதே பெட்டிகளுக்குப் போகும் மறுபெயராகச் சேர்ப்பது. இரண்டாவது, புதியதை முதன்மையாக்கி, பழையதை இரண்டாம் டொமைனாக இறக்கி, ஆட்களின் முகவரிகளைப் புதிதாகப் பெயர் மாற்றுவது. மூன்றாவது, புதிய டொமைனுக்கு வேறாக ஒரு மின்னஞ்சல் கணக்குத் தொடங்கி, பழையதற்கு வருவதை வெப் ஹோஸ்டிங்கிலிருந்து திருப்பி அனுப்புவது.

மூன்றாவதை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கு முதலில் தோன்றுவது அதுதான். ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு வரி போட்டால் வேலை முடிந்த மாதிரித் தெரியும். பிரச்சினை எஸ்பிஎஃப்பில், அதாவது ஒரு டொமைன் பெயரில் அனுப்ப எந்த இயந்திரங்களுக்கு அனுமதி என்ற பட்டியலில் இருக்கிறது. ஒரு வங்கி பழைய முகவரிக்கு அனுப்பிய கடிதத்தை உங்கள் ஹோஸ்டிங் சேவையகம் கூகுளுக்குத் திருப்பும்போது, உறையில் அனுப்புநராக இருப்பது வங்கியின் டொமைன். கொண்டு வந்து கொடுப்பதோ வங்கி அனுமதித்த பட்டியலில் இல்லாத ஒரு இயந்திரம். எஸ்பிஎஃப் தோற்கும். வங்கி, கடிதத்தோடேயே பயணிக்கும் டிகிம் என்ற மின்கையொப்பமும் இட்டிருந்தால், கடிதத்தின் உடல் வழியில் மாறாதவரை அது தப்பும். இடாமல், இந்தச் சோதனைகளில் தோற்பதை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் பதிவில் `p=reject` மட்டும் போட்டிருந்தால் கடிதம் வாசலிலேயே நிராகரிக்கப்படும். உங்களுக்கு ஒன்றுமே தெரியாது, திரும்பி வந்த அறிவிப்பு போவது அனுப்பியவருக்கு. பழைய முகவரிக்கு வரும் குப்பைக் கடிதங்களையும் அந்தச் சேவையகம்தான் திருப்பி அனுப்புகிறது என்பதால் அதன் பெயரும் மெல்ல மெல்லக் கெடும். அது போக, இரண்டு இடத்தில் ஆள் பட்டியல், இரண்டு இடத்தில் கடவுச்சொல். பழைய கடிதம் ஒன்றும் துலையக் கூடாது என்பது நிபந்தனையாக இருக்கும்போது இந்த வழியை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

அலியாஸா, இடமாற்றமா?

உண்மையான தெரிவு முதல் இரண்டுக்கும் இடையில்தான்.

அலியாஸ் டொமைன் சேர்ப்பது மிக எளிது. டொமைன் உங்களுடையது என்று அதன் டிஎன்எஸ் பட்டியலில் டிஎக்ஸ்டி என்ற உரைப் பதிவால் நிரூபித்து, கடிதம் எந்தச் சேவையகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைப் போட்டால், பதினொரு பேருக்கும் பொது முகவரிகளான நான்கு குழுக்களுக்கும் புதிய டொமைனில் முகவரி தானாகவே கிடைத்துவிடும். கடிதம் வாங்குவதற்கு வேறொன்றும் செய்யத் தேவையில்லை. உரிமத்துக்கு மேலதிகக் காசும் இல்லை. யாரும் எதையும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

குறை என்னவென்றால், ஆளின் அடையாளம் பழையதாகவே இருக்கிறது. உள்நுழைவது பழைய முகவரியில். கடிதம் அனுப்பினால் அதுவே அனுப்புநர். ஒவ்வொருவரும் தன் ஜிமெயில் அமைப்பில் போய்ப் புதிய முகவரியைச் சேர்த்து, அதை இயல்பு முகவரியாக்க வேண்டும். அதைச் செய்தாலும் நாள்காட்டி அழைப்பிலும் கோப்புப் பகிர்விலும் எதிரே இருப்பவர் பார்ப்பது பழைய பெயரைத்தான். லண்டன் வாடிக்கையாளருக்கு விலைப்பட்டியலைப் பகிர்ந்தால் பழைய டொமைன் போகும், கடிதம் எழுதினால் புதியது போகும். ஆறு மாதத்தில் எது சரியான முகவரி என்று அவருக்குக் குழப்பம் வரும். நிறுவனம் பெயர் மாற்றவில்லை, பக்கத்தில் ஒரு சின்ன டொமைனையும் பிடித்து வைத்திருக்க விரும்புகிறது என்றால் இந்த வழி போதும். பெயரே மாறுகிறது என்றால் போதாது.

இடமாற்றத்தில் வேலை கூட, ஆனால் முடிவு தெளிவு. புதிய டொமைனை இரண்டாம் டொமைனாகச் சேர்க்க வேண்டும், அலியாஸ் டொமைனாக அல்ல. இந்த இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். அலியாஸாகச் சேர்த்துவிட்டால் அதை நேரடியாக முதன்மையாக்க முடியாது. நீக்கிவிட்டு மறுபடி இரண்டாம் டொமைனாகச் சேர்க்க வேண்டும், அந்த இடைவெளியில் அந்த முகவரிக்கு வரும் கடிதங்கள் திரும்பிப் போகும். ஆகவே “இப்போதைக்கு அலியாஸாகப் போடுவோம், பிறகு பார்க்கலாம்” என்பது பின்னால் வேலை வைக்கும். என்றாவது முதன்மையாக்கும் எண்ணம் இருந்தால் முதல் நாளே இரண்டாம் டொமைனாகச் சேர்த்துவிடுங்கள்.

முதன்மை டொமைனை மாற்றும் பொத்தானை அழுத்தியதும் ஆட்களின் முகவரிகள் தானாக மாறிவிடும் என்று நினைப்பது அடுத்த தவறு. மாறாது. அந்தப் பொத்தான் நிறுவனக் கணக்கின் தலைப்பெயரை மட்டுமே மாற்றுகிறது. ஒவ்வொரு ஆளையும் தனித்தனியாகப் பெயர் மாற்ற வேண்டும். அப்படி மாற்றும்போதுதான் நமக்கு வேண்டியது நடக்கிறது: அவருடைய பழைய முகவரி தானாகவே அவருக்கு அலியாஸாக ஒட்டிக்கொள்கிறது. பழைய பெட்டி, பழைய கடிதங்கள், கோப்புகள் எல்லாம் அப்படியே இருக்கும். பொது முகவரிகளான குழுக்களுக்கும் இதே போலப் பெயர் மாற்றி, ஒவ்வொன்றின் அலியாஸ் பட்டியலையும் திறந்து பழைய முகவரி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் கையால் சேர்க்கலாம்.

மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்களுக்கும் கதை கிட்டத்தட்ட இதுதான். அங்கே ஒரு பெட்டிக்குப் பல முகவரிகள் இருக்கும், முன்னொட்டில் பெரிய எழுத்து `SMTP:` இருப்பது முதன்மை, சிறிய எழுத்து `smtp:` இருப்பவை அலியாஸ். கட்டளையால் மாற்றுபவர்கள் முழுப் பட்டியலையும் மேலெழுதிவிடாமல் கவனமாக இருக்க வேண்டும், அப்படி மேலெழுதினால் பழைய முகவரி சத்தமில்லாமல் காணாமல் போகும்.

டிஎன்எஸ்ஸில் என்ன செய்தோம்

டொமைன் மாற்றம் என்றதும் “டிடிஎல்லைக் குறையுங்கள்” என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு டிஎன்எஸ் பதிவை மற்றச் சேவையகங்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்பதுதான் டிடிஎல். இந்த வழியில் பழைய டொமைனின் எம்எக்ஸ் எங்கும் நகரவில்லை. நேற்றும் கூகுள், இன்றும் கூகுள். ஆகவே அதைத் தொடத் தேவையே இல்லை. மூன்றாவது வழிக்கும் இரண்டாவது வழிக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது: நகராத எம்எக்ஸால் கடிதம் தொலையாது.

புதிய டொமைனில் நான்கு பதிவுகள் வேண்டும். எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க். இவற்றில் மறந்துபோவது டிகிம்தான். எஸ்பிஎஃப்பும் சரி, டிகிமும் சரி, முதன்மை டொமைனிலிருந்து மற்றதற்குத் தானாக வராது. புதியதற்குத் தனியாக ஒரு திறவுகோல் உருவாக்கி, டிஎன்எஸ்ஸில் போட்டு, பிறகு நிர்வாகப் பக்கத்தில் கையொப்பத்தைத் தொடங்க வேண்டும். அந்தக் கடைசிப் படியை விட்டால் கூகுள் தன்னுடைய `gappssmtp.com` பெயரில் கையொப்பமிடும். கையொப்பம் செல்லுபடியாகும், ஆனால் அனுப்புநர் டொமைனோடு பொருந்தாது. சாதாரணமாக எஸ்பிஎஃப் கைகொடுப்பதால் யாருக்கும் தெரியாது. டொரொண்டோக் கடைக்காரர் தன் கடை முகவரிக்கு வருவதைத் தன் சொந்தப் பெட்டிக்குத் திருப்பி வைத்திருப்பார், அங்கே எஸ்பிஎஃப் தோற்றதும் டிமார்க்கும் தோற்றுவிடும். வெளியிலுள்ள ஒரு ஜிமெயிலுக்கு ஒரு கடிதம் அனுப்பி, அதன் மூலத்தைத் திறந்து, டிகிம் வரியில் `d=puthusu.example` இருக்கிறதா என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

புதிய டொமைனுக்கு நற்பெயர் என்று எதுவும் இன்னும் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நாங்கள் மாற்றத்துக்கு ஒரு மாதம் முன்பே இந்த நான்கு பதிவுகளையும் போட்டு, முதலாளியும் கணக்காளரும் மட்டும் தெரிந்த வாடிக்கையாளர்களுடன் அதிலிருந்து கடிதமாட விட்டோம். முதல் நாளே இருநூறு கடைகளுக்கு “எங்கள் முகவரி மாறிவிட்டது” என்று ஒரே கடிதத்தை அனுப்பினால், அது குப்பைப் பெட்டிக்குப் போக வாய்ப்பு அதிகம். அந்த அறிவிப்பைப் பழைய முகவரியிலிருந்து, மாற்றத்துக்கு முன்னரே அனுப்புவது நல்லது.

பழைய டொமைனைப் பற்றி ஒரு ஆசை வரும்: இரண்டு இடத்தில் பதிவுகள் எதற்கு, பழையதை அப்படியே புதியதை நோக்கிச் சுட்டும் சிநேம் என்ற பதிவைப் போட்டுவிட்டால் என்ன? ஒழுங்காகத்தான் தெரியும். ஆனால் டொமைனின் உச்சியில், அதாவது `www` போன்ற முன்பெயர் இல்லாத இடத்தில், சிநேம் வேறெந்தப் பதிவோடும் சேர்ந்து இருக்க முடியாது. எம்எக்ஸும், டொமைனின் டிஎன்எஸ் எந்தச் சேவையகத்தில் இருக்கிறது என்று சொல்லும் என்எஸ்ஸும் அங்கேதான் இருக்கின்றன. சில டிஎன்எஸ் பலகைகள் இதை ஏற்காது, சில ஏற்றுக்கொண்டு பிறகு விநோதமாக நடக்கும். இதற்காகக் கடித ஓட்டத்தைப் பணயம் வைக்காதீர்கள்.

இன்னொரு ஆசையும் வந்தது, எனக்கே வந்தது. எல்லோரையும் பெயர் மாற்றி முடித்த பிறகு, பழைய டொமைனை இரண்டாம் டொமைன் என்ற நிலையிலிருந்து எடுத்து அலியாஸ் டொமைனாக மறுபடி சேர்த்தால் ஆளுக்கு ஆள் அலியாஸ் ஒட்டியிருக்காது, பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் டொமைனை நீக்க வேண்டுமென்றால் அதிலுள்ள ஒவ்வொரு அலியாஸையும் முதலில் அழிக்க வேண்டும். அழித்த நொடியிலிருந்து மறுபடி சேரும் வரை கூகுள் அந்த முகவரிக்கான கடிதங்களை நிரந்தரப் பிழை என்று திருப்பும். தற்காலிகப் பிழை என்றால் அனுப்பிய சேவையகம் பொதுவாக நான்கைந்து நாள் திரும்பத் திரும்ப முயலும், நிரந்தரப் பிழைக்கு முயலாது. நேர்த்திக்காக இந்த ஆபத்து வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பார்க்கப் போனால் ஆளுக்கு ஆள் அலியாஸ் இருப்பது நல்லதும்கூட. புதிதாகச் சேரும் பையனுக்குப் பழைய டொமைனில் முகவரி எதற்கு? அலியாஸ் டொமைன் என்றால் அவனுக்கும் அது தானாக வந்துவிடும், பழையது ஒருபோதும் சுருங்காது.

மாற்றிய நாள்

டொரொண்டோவின் வேலை நேரம் நமக்கு இரவு. ஆகவே “இரவில் யாரும் இல்லாதபோது செய்வோம்” என்ற வழக்கமான யோசனை இங்கே தலைகீழ். ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தொடங்கினோம். அப்போது கோடை, டொரொண்டோவில் சனி இரவு பத்தரை, லண்டனில் விடியற்காலை மூன்றரை. பதினொரு பெயர்களையும் நான்கு குழுக்களையும் மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பிறகு வெளியிலிருந்து முப்பது முகவரிகளுக்கும், பழையதும் புதியதுமாக, ஒவ்வொரு சோதனைக் கடிதம் அனுப்பிப் பட்டியலில் குறி போட்டோம். மாற்றம் எல்லா இடத்துக்கும் பரவ ஒரு நாள் வரை விட வேண்டும், ஆனால் கடிதம் வருவதில் எங்களுக்குத் தடை இருக்கவில்லை.

கைபேசிகளில் சிலருக்குக் கணக்கை நீக்கி மறுபடி சேர்க்க வேண்டி வந்தது. கூகுள் கணக்கால் உள்நுழையும் வெளி மென்பொருள்களில் கொஞ்சம் கவனம் தேவை. சில மென்பொருள்கள் ஆளை மின்னஞ்சல் முகவரியை வைத்தே அடையாளம் காண்கின்றன, முகவரி மாறியதும் வெறுமையான புதிய கணக்கு ஒன்றைத் திறந்து காட்டும். எங்கள் வடிவமைப்பாளரின் லேபிள் கோப்புகள் எல்லாம் போய்விட்டதாக அவர் பதறிப்போனார். அந்தச் சேவையின் அமைப்பில் முகவரியை மாற்றியதும் திரும்பி வந்தன. மாற்றத்துக்கு முன்பே இப்படியான சேவைகளைக் கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும்.

நாங்கள் எதிர்பார்க்காதது புதன்கிழமை தெரிந்தது. இணையத்தளப் படிவத்திலிருந்து வரும் ஓடர்கள் ஞாயிறுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. வெளியிலிருந்து அனுப்பினால் ஓடர் முகவரிக்குக் கடிதம் வருகிறது, படிவத்திலிருந்து மட்டும் வருவதில்லை. திரும்பி வந்த அறிவிப்பும் இல்லை. காரணம் இதுதான்: புதிய டொமைனில் இணையத்தளத்தை ஏற்றியபோது, ஹோஸ்டிங் சேவையகம் அந்த டொமைனின் மின்னஞ்சலும் தன்னிடம்தான் என்று நினைத்துக்கொண்டது. அதனால் படிவம் அனுப்பிய கடிதத்துக்கு எம்எக்ஸைக் கேட்கவே இல்லை, தனக்குள்ளேயே இருந்த ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டது. ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பலகையான சிபேனலில் மின்னஞ்சல் வழிப்படுத்தல் என்ற பகுதியில் அந்த டொமைனைத் தொலைவுச் சேவையகம் என்று மாற்றினால் தீரும். உள்ளே கிடந்த ஒன்பது ஓடர்களையும் எடுத்துக் கொடுத்தேன். வெளியிலிருந்து செய்யும் சோதனை இதைக் காட்டாது, படிவத்தைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

ஒழுங்கு எங்கே இருக்கிறது

பழைய டொமைனின் டிஎன்எஸ் பக்கத்தைத் திறந்தபோது இருபதுக்கு மேல் பதிவுகள் இருந்தன. `webmail`, `ftp`, `autodiscover`, எப்போதோ நிறுத்திய செய்திமடல் சேவைக்கான சிநேம், எஸ்பிஎஃப்பில் அதே சேவைக்கு அனுமதி தரும் ஒரு `include`. இவற்றை ஒரேயடியாக அழிக்கக் கை துறுதுறுக்கும். அழிக்கும் முன், பழைய டொமைன் பெயரில் இன்னும் யார் அனுப்புகிறார்கள் என்று தெரிய வேண்டும். அதற்குக் கடிதம் வாங்கும் சேவையகங்கள் அனுப்பும் டிமார்க் அறிக்கைதான் வழி. எதையும் தடுக்கச் சொல்லாத `p=none` என்று வைத்து, அறிக்கைகளைப் புதிய டொமைனிலுள்ள ஒரு பெட்டிக்கு வரவைத்தோம். ஒரு டொமைனின் அறிக்கை வேறொரு டொமைனுக்குப் போக வேண்டுமென்றால், வாங்கும் டொமைன் சம்மதம் சொல்ல வேண்டும். அந்தச் சம்மதம் புதிய டொமைனில் போடும் இந்த ஒரு வரி:

```
palasu.example._report._dmarc.puthusu.example. TXT "v=DMARC1"
```

இது இல்லாவிட்டால் அறிக்கை வராது, அதைப் பார்த்து “யாரும் அனுப்பவில்லை” என்று நினைத்து ஏமாறலாம்.

ஆறு வாரத்தில் மூன்று ஆட்கள் அகப்பட்டார்கள்: ஸ்கேன் செய்து அனுப்பும் பிரதி இயந்திரம், விலைப்பட்டியல் அனுப்பும் கணக்கு மென்பொருள், இணையத்தளப் படிவம். மூன்றையும் புதிய முகவரிக்கு மாற்றி, அறிக்கையில் நம்முடையது எதுவும் வராமல் இரண்டு வாரம் போன பிறகுதான் அழித்தோம். நிறுத்திய சேவையை நோக்கி நிற்கும் சிநேமை முதலில் எடுங்கள், அந்தப் பெயரை அந்தச் சேவையில் வேறொருவர் பிடித்துக்கொண்டால் உங்கள் டொமைனில் அவர் பக்கம் நடத்தலாம். கடைசியில் பழைய டொமைனின் மின்னஞ்சல் பகுதி இவ்வளவுதான்:

```
palasu.example.        MX  1 smtp.google.com.
palasu.example.        TXT "v=spf1 -all"
_dmarc.palasu.example. TXT "v=DMARC1; p=reject; rua=mailto:dmarc@puthusu.example"
```

இதன் பொருள்: இந்த டொமைன் கடிதம் வாங்கும், ஒருபோதும் அனுப்பாது. அதன் பெயரில் யார் அனுப்பினாலும் நிராகரியுங்கள். பழைய டொமைனின் டிகிம் திறவுகோலையும் எடுத்துவிட்டோம். அலியாஸுக்கு வரும் கடிதத்துக்குப் பதில் எழுதினால் அது புதிய முதன்மை முகவரியிலிருந்தே போகிறது, ஆகவே இது யாரையும் தடுக்கவில்லை. ஆனால் யாராவது ஜிமெயிலில் பழைய முகவரியையும் அனுப்புநராகச் சேர்த்து வைத்திருந்தால் அவருடைய கடிதங்கள் திரும்பும். `-all` போடுமுன் அதை ஒவ்வொருவரிடமும் பார்த்துவிடுங்கள். இவற்றோடு கூகுளின் உரிமை நிரூபண வரியும், பழைய இணையத்தளத்தைப் புதியதற்குத் திருப்பும் முகவரிப் பதிவும் இருக்கின்றன.

முதலாளி பிறகு கேட்டார், “அப்ப பழசை எத்தனை வருசம் காசு கட்டி வச்சிருக்கோணும்?” பழைய முகவரி எங்காவது ஒரு வங்கியிலோ சுங்கப் பதிவிலோ கடவுச்சொல் மீட்புக்காகக் கொடுக்கப்பட்டிருக்கும்வரை விடக்கூடாது என்றேன். விட்டால் யாரும் அதைப் பதிவு செய்து, எம்எக்ஸைத் தன் பக்கம் வைத்து, அந்தக் கடிதங்களைத் தான் வாங்கிக்கொள்ளலாம். அவருடைய பதிவைத் திறந்து பார்த்தால், புதுப்பித்தல் நினைவூட்டல் போவது பழைய இணையத்தளத்தை வடிவமைத்துவிட்டுக் கனடா போன ஒருவருக்கு. அதை அன்றே முதலாளியின் சொந்த ஜிமெயிலுக்கு மாற்றினோம், இரண்டு நிறுவன டொமைன்களிலும் சேராத முகவரி என்பதால். பிறகு பதிவாளரிடம் எடுக்கக்கூடிய நீண்ட காலத்துக்குப் பணம் கட்டிவிட்டு, அடுத்த தொகுதி லேபிளில் புதிய முகவரியை அச்சிடக் கொடுத்தார்.